டூர் முடிஞ்சது, கணக்கு முடியலையா? 26 ஸ்கிரீன்ஷாட்டை 11 வரியா மாத்தின கதை

போன மாசம் ஒரு கொடைக்கானல் டூர் கணக்கு என் மெயிலுக்கு வந்தது. ஐந்து பேர், ஒரே ஆபீஸ், வெள்ளி முதல் ஞாயிறு வரை மூணு நாள் டூர். திரும்பி வந்து ரெண்டு வாரம் ஆகியும் யார் யாருக்கு எவ்வளவு தரணும்னு முடிவாகல. குரூப்ல ஒருத்தர் எல்லா தொகையையும் கூட்டி அஞ்சால வகுத்து ஒரு மெசேஜ் போட்டிருக்கார். அதுல ஒருத்தர் மட்டும் 6,800 ரூபாய் தரணும்னு வந்திருக்கு. அவர் அந்த டூர்ல இருந்ததே ஒரு ராத்திரிதான். "நான் சனிக்கிழமைதானே வந்தேன்"னு ஒரே ஒரு மெசேஜ் போட்டுட்டு, அப்புறம் குரூப்ல பேசவே இல்ல. ஆபீஸ்லயும் லஞ்சுக்குத் தனியா போக ஆரம்பிச்சிட்டாராம்.

அஞ்சு பேர் சம்மதத்தோட 26 ஸ்கிரீன்ஷாட் எனக்கு வந்தது. பாதி வாட்ஸ்அப் சாட், பாதி கூகுள் பே, போன்பே ரசீது. தொகைகளை மட்டும் முழு எண்ணா மாத்தி, பேரை எடுத்துட்டு இங்க சொல்றேன். பேருக்குப் பதிலா அவங்க செஞ்ச வேலையை வச்சே கூப்பிடுவோம்: காட்டேஜ் புக் பண்ணவர் ரூம்காரர். கார் வாடகைக்கு எடுத்து ஓட்டினவர் வண்டிக்காரர். ஏடிஎம்ல எடுத்து செலவு பண்ணவர் கேஷ்காரர். டூருக்கு முன்னாடியே பணம் போட்டவர் அட்வான்ஸ்காரர். மதுரையில இருந்து பஸ்ல சனிக்கிழமை வந்து சேர்ந்தவர் லேட்காரர்.

குரூப்ல போட்ட கணக்கு இதுதான். ரூம்காரர் 15,000, வண்டிக்காரர் 17,000, கேஷ்காரர் 8,000, அட்வான்ஸ்காரர் 8,000, லேட்காரர் 3,500. மொத்தம் 51,500. அஞ்சால வகுத்தா தலைக்கு 10,300. அதனால ரூம்காரருக்கு 4,700 வரணும், வண்டிக்காரருக்கு 6,700 வரணும், கேஷ்காரரும் அட்வான்ஸ்காரரும் ஆளுக்கு 2,300 தரணும், லேட்காரர் 6,800 தரணும். வர வேண்டியதும் தர வேண்டியதும் 11,400-ல டேலி ஆகுது. "கணக்கு டேலி ஆயிடுச்சே, அப்புறம் என்ன?"ன்னு ரூம்காரர் கேட்டிருக்கார்.

டேலி ஆனா சரின்னு அர்த்தம் இல்லைங்க. மொத்தத்தை வகுத்துக் கழிச்சா எந்தத் தப்பான மொத்தமும் டேலி ஆகத்தான் செய்யும். அது கணிதம். கேக்க வேண்டிய கேள்வி வேற: அந்த 51,500 உண்மையிலேயே வெளிய போச்சா?

ஸ்கிரீன்ஷாட்ல எதைப் பார்க்கணும்

சாட்ல "நான் டீசலுக்கு 3000 போட்டேன்"னு இருக்கிறது ஒருத்தர் சொல்ற வார்த்தை. பேமென்ட் ஆப் ரசீது அதுக்கு ஆதாரம். பேங்க் ஸ்டேட்மென்ட்தான் கடைசித் தீர்ப்பு. ஆடிட்ல நாங்க வவுச்சர் பார்க்குற அதே வரிசைதான் இது.

ரசீதுல தொகையை விட முக்கியம் ரெண்டு விஷயம். முதல்ல ஸ்டேட்டஸ். `Completed`னு இருக்கா, `Processing`னு இருக்கா, `Failed`னு இருக்கா? அவசரத்துல எடுத்த ஸ்கிரீன்ஷாட் பெரும்பாலும் மேல் பாதியோட நின்னுடும், ஸ்டேட்டஸ் கட் ஆயிடும். அப்படி இருந்தா திரும்ப கேளுங்க.

ரெண்டாவது, 12 இலக்க எண். ஒவ்வொரு யுபிஐ பேமென்ட்டுக்கும் ஒரு 12 இலக்க ரெஃபரன்ஸ் நம்பர் உண்டு. கூகுள் பேல அது `UPI transaction ID`ன்னு தெரியும், போன்பேல `UTR`னு தெரியும். ரெண்டு ஆப்லயும் அதுக்குப் பக்கத்துலயே அந்தந்த ஆப்போட சொந்த ஐடி ஒண்ணும் நீளமா இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீங்க. அனுப்பினவர் கூகுள் பேலயும் வாங்கினவர் போன்பேலயும் இருந்தா, ஆப் ஐடி ரெண்டும் வேற வேறயா இருக்கும். 12 இலக்க எண் மட்டும் ஒண்ணா இருக்கும். அது ஒண்ணா இருந்தா ரெண்டு ஸ்கிரீன்ஷாட்டும் ஒரே பேமென்ட். இந்த ஒரே சோதனையிலயே 26-ல பாதி போயிடுச்சு. அனுப்பினவர் "பணம் போட்டாச்சு"ன்னு ஒண்ணு, வாங்கினவர் "வந்துடுச்சு"ன்னு ஒண்ணு, ரெண்டு நாள் கழிச்சு வேற ஒருத்தர் "இது எழுதினீங்களா?"ன்னு அதையே திரும்ப ஃபார்வேர்டு பண்ணது ஒண்ணு.

சாட்டை ஸ்கிரீன்ஷாட்டா எடுக்கிறதும் வேண்டாத வேலை. வாட்ஸ்அப்ல அந்த குரூப்பைத் திறந்து `Export chat`, அதுல `Without media` கொடுத்தா, தேதி, நேரம், பேரோட எல்லா மெசேஜும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலா வந்துடும். அதுல "paid", "போட்டேன்", "அனுப்பிட்டேன்"னு தேடினா போதும். இன்னொண்ணு, குரூப்ல ரசீது போடும்போது அக்கவுண்ட் நம்பர், யுபிஐ ஐடியை மறைச்சிடுங்க. 12 இலக்க எண்ணை மட்டும் மறைக்காதீங்க.

14,800 எங்கிருந்து வந்தது?

இப்போ அந்த 51,500-க்குள்ள போவோம். நாலு இடத்துல காத்து அடைச்சிருந்தாங்க.

முதல்ல டீசல். வண்டி ரெண்டு தடவைதான் டீசல் போட்டது, ஒவ்வொண்ணும் 3,000. ஆனா சாட்ல மூணு 3,000 இருந்தது. ரெண்டாவது பங்க்ல ரூம்காரர் ஸ்கேன் பண்ணார், பணம் கட் ஆச்சு, பங்க்காரர் மெஷின்ல வரல. பின்னாடி வண்டி நிக்குது, ஹார்ன் அடிக்கிறாங்க. உடனே அட்வான்ஸ்காரர் தன் போன்ல இருந்து திரும்ப 3,000 போட்டார். ரெண்டு பேரும் குரூப்ல ரசீது போட்டாங்க. ரூம்காரர் ரசீதுல `Processing`னு இருந்ததை யாரும் கவனிக்கல. அவர் ஸ்டேட்மென்ட்டைக் கேட்டு வாங்கினேன். சனிக்கிழமை டெபிட், செவ்வாய்க்கிழமை அதே 3,000 கிரெடிட்.

இது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்க வேண்டிய விதி. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர்ல போட்ட சுற்றறிக்கைப்படி, கடைக்குப் போட்ட யுபிஐ பணம் உங்க கணக்குல கழிஞ்சு கடைக்கு உறுதி ஆகலைன்னா, 5 நாளுக்குள்ள தானா திரும்பி வரணும். தனி ஆளுக்கு அனுப்பினது போய்ச் சேரலைன்னா 1 நாள். அதைத் தாண்டினா நாளொண்ணுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதனால டூர் கடைசி நாள்ல இருந்து ஒரு வாரம் கழிச்சு எடுத்த ஸ்டேட்மென்ட்டை வச்சு கணக்கு முடிக்கிறது நல்லது. பஸ்ல திரும்பி வரும்போதே முடிக்கணும்னு அவசரப்பட்டா இந்த மாதிரி ரிவர்சல் எல்லாம் வெளிய நின்னுடும்.

அடுத்தது கார் டெபாசிட். வண்டிக்காரர் வாடகை 9,000, டெபாசிட் 5,000 கட்டினார். செல்ஃப் டிரைவ் வண்டி, அதுலயே ஃபாஸ்டேக் இருந்ததால டோலுக்குத் தனியா யாரும் பணம் கொடுக்கல. ஒன்பது நாள் கழிச்சு டோல் 1,200-ஐ கழிச்சுட்டு 3,800 திரும்ப அவர் கணக்குக்கு வந்திருக்கு. அவர் இதை மறைக்கல. பார்க்கவே இல்ல, அவ்வளவுதான். சம்பள நாள், ஈஎம்ஐ, கரண்ட் பில்லுக்கு நடுவுல ஒரு 3,800 வந்தா யாருக்குத் தெரியும்? ஆக, காருக்கு உண்மையான செலவு 14,000 இல்ல, 10,200.

சொந்த வண்டியில போறவங்களுக்கும் இதே கதைதான். ஃபாஸ்டேக்ல 2,000 ரீசார்ஜ் பண்ணது செலவு இல்ல. டோல் பிளாசாவுல கழிஞ்சதுதான் செலவு. மீதி அவர் வண்டியிலதான் இருக்கு.

மூணாவது கேஷ். கேஷ்காரர் ஏடிஎம்ல 8,000 எடுத்தார், அந்த எஸ்எம்எஸ்ஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்டார். 8,000-மே செலவுன்னு எழுதிட்டாங்க. ஏடிஎம்ல எடுக்கிறது செலவே இல்லைங்க, பேங்க்ல இருந்து அவர் பாக்கெட்டுக்குப் போகுது. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தப்போ அவர் பர்ஸ்ல மீதி 1,300. வீட்டுக்கு யூகலிப்டஸ் தைலமும் சாக்லேட்டும் வாங்கினது 700. பொதுச் செலவு 6,000. இதுல டீ, பார்க்கிங், சோளம், எதுக்கும் பில் கிடையாது. ஒவ்வொண்ணா நினைச்சு எழுதினா எப்பவும் குறையாத்தான் வரும். அதனால கேஷை மட்டும் பின்னாடி இருந்து கணக்குப் போடணும்: எடுத்தது, அதுல மீதியும் சொந்தச் செலவும் கழிச்சது போக மத்தது பொது. வெள்ளிக்கிழமை ராத்திரி பர்ஸ்ல 6,000 இருந்ததா அவரே சாட்ல எழுதியிருந்தார். அதனால முதல் நாள் செலவு 2,000, அடுத்த ரெண்டு நாளும் சேர்த்து 4,000.

நாலாவதுதான் பெரிய தப்பு, கிட்டத்தட்ட எல்லா குரூப்லயும் நடக்கிறது. அட்வான்ஸ்காரர் டூருக்கு முன்னாடி ரூம்காரருக்கு 5,000 அனுப்பினார். ரூம்காரர் அதையும் சேர்த்து 12,000 காட்டேஜுக்குக் கட்டினார். குரூப் கணக்குல 12,000-மும் இருக்கு, 5,000-மும் இருக்கு. அதே போல லேட்காரர் வந்து இறங்கினதும் "இப்போதைக்கு வச்சுக்கோங்க"ன்னு வண்டிக்காரருக்கு 1,000 அனுப்பினார். இந்த 6,000-மும் குரூப்பை விட்டு வெளிய போகவே இல்ல. ஒரு பாக்கெட்ல இருந்து இன்னொரு பாக்கெட்டுக்குப் போச்சு. அனுப்பினவருக்குக் கூட்டணும், வாங்கினவருக்குக் கழிக்கணும். இவங்க கூட்டினாங்க, கழிக்கல.

கூட்டிப் பாருங்க: 3,000, 3,800, 2,000, 6,000. மொத்தம் 14,800. உண்மையான செலவு 36,700.

எழுதுற முறை

இந்த நாலு தப்பும் வராம இருக்க எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி, ஒவ்வொரு பணத்தையும் "யார்கிட்ட இருந்து, யாருக்கு"ன்னு எழுதுறது. "யார் செலவு பண்ணாங்க"ன்னு ஒரு காலம் மட்டும் வச்சீங்கன்னா, மேல சொன்னது எல்லாம் உள்ள வந்துடும். கூகுள் ஷீட்ல முதல் காலம் தேதி, ரெண்டாவது கொடுத்தவர், மூணாவது வாங்கினவர், நாலாவது தொகை, அஞ்சாவது 12 இலக்க எண். கேஷுக்கு எண் இருக்காது, "கேஷ்"னு எழுதுங்க.

வாங்கினவர் கடையா இருந்தாலும் நண்பரா இருந்தாலும் அதே வரிதான். டெபாசிட் திரும்ப வந்தா கொடுத்தவர் கார் கம்பெனி, வாங்கினவர் வண்டிக்காரர். ஏடிஎம்ல எடுத்ததை எழுதணும்னா கொடுத்தவரும் வாங்கினவரும் ஒரே ஆள். அப்போவே உங்களுக்குத் தெரிஞ்சிடும், இந்த வரி தேவையில்லைன்னு. இந்த டூர் இப்படி 11 வரியில முடிஞ்சது.

பக்கத்துல `G` காலத்துல அஞ்சு பேர் பேர், `H`-ல அவங்க பங்கு. அடுத்த காலத்துல இந்த ஃபார்முலா:

```
=SUMIF(B:B,G2,D:D)-SUMIF(C:C,G2,D:D)-H2
```

கொடுத்தது எல்லாம் கூட்டி, வாங்கினது எல்லாம் கழிச்சு, அதுல பங்கையும் கழிக்குது. விடை பிளஸ்னா அவருக்கு வரணும், மைனஸ்னா தரணும். பேரை எல்லா வரியிலயும் ஒரே ஸ்பெல்லிங்ல எழுதுங்க. ஒரு இடத்துல ஒரு எழுத்து மாறினாலும் ஃபார்முலா அந்த வரியை விட்டுடும். இந்த இடத்துல டேலி பார்க்கிறது உதவும். ஏன்னா பங்கு மொத்தத்தை நீங்க பில்லுல இருந்து தனியா போட்டிருக்கீங்க, கொடுத்தது வாங்கினது தனியா வருது. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா கடைசி காலத்தோட கூட்டல் பூஜ்ஜியம் வராது.

பங்கு பிரிக்கிறது

இது கணக்கு இல்ல, பேச்சு. ஷீட் திறக்கிறதுக்கு முன்னாடி பேசி முடிக்கணும். தொகை தெரிஞ்சப்புறம் பேசினா ஒவ்வொருத்தரும் தனக்குச் சாதகமான விதியைத்தான் நியாயம்னு சொல்வாங்க. நான் அஞ்சு பேர்கிட்டயும் எண்ணைச் சொல்லாம விதியை மட்டும் கேட்டேன்.

காட்டேஜ் ராத்திரிக்கு 6,000. வெள்ளி ராத்திரி நாலு பேர், சனி ராத்திரி அஞ்சு பேர். அதனால லேட்காரருக்கு 1,200, மத்தவங்களுக்கு 2,700. கார், டீசல், டோல் சேர்த்து 16,200. லேட்காரர் திரும்பும்போதுதான் சென்னை வரைக்கும் வண்டியில வந்தார், அதனால அரைப் பங்குன்னு ஒத்துக்கிட்டாங்க. நாலு முழுப் பங்கு, ஒரு அரைப் பங்கு. முழுசு 3,600, அரை 1,800. கேஷ்ல முதல் நாள் 2,000 நாலு பேருக்கு, மீதி 4,000 அஞ்சு பேருக்கு. சனிக்கிழமை டின்னர் 2,500 லேட்காரர் கொடுத்தது, அது அஞ்சு பேருக்கும் சமம். கூட்டினா நாலு பேருக்கு ஆளுக்கு 8,100, லேட்காரருக்கு 4,300.

முடிவு இப்படி வந்தது:

| யார் | குரூப் கணக்கு | சரியான கணக்கு |
|---|---|---|
| ரூம்காரர் | 4,700 வரணும் | 1,100 தரணும் |
| வண்டிக்காரர் | 6,700 வரணும் | 4,100 வரணும் |
| கேஷ்காரர் | 2,300 தரணும் | 2,100 தரணும் |
| அட்வான்ஸ்காரர் | 2,300 தரணும் | 100 தரணும் |
| லேட்காரர் | 6,800 தரணும் | 800 தரணும் |

லேட்காரர் கணக்குல 6,000 ரூபாய் வித்தியாசம். அது எல்லாமே சமமா வகுத்ததால வந்தது இல்ல. சரியான மொத்தத்தைச் சமமா வகுத்திருந்தாகூட அவர் 3,840-தான் தந்திருக்கணும். மீதி 2,960 மத்தவங்க பாக்கெட்ல ஏற்கெனவே இருந்த பணம், திரும்பி வந்த பணம், இவருகிட்ட ரெண்டாவது தடவை கேட்டது. ரூம்காரர் இதைப் பார்த்துட்டு ரெண்டு நிமிஷம் ஒண்ணும் சொல்லல. அவர் ஏமாத்த நினைக்கல. 12,000 தன் கணக்குல இருந்து போனதுதான் அவர் மனசுல நின்னது, அதுக்கு முன்னாடி 5,000 வந்தது நிக்கல. நம்ம எல்லாருக்கும் டெபிட் எஸ்எம்எஸ்தான் ஞாபகம் இருக்கும்.

சில குரூப்ல ஓட்டினவருக்குப் பெட்ரோல் பங்கு வேண்டாம்னு விடுவாங்க. எனக்கு அது பிடிச்ச விதி, ஆனா போறதுக்கு முன்னாடி சொல்லணும். ஓவர்ஸ்பீடு சலான் வந்தா? என் கருத்து, ஓட்டினவர்தான் கட்டணும். பின் சீட்ல இருந்து "சீக்கிரம் போ, சன்செட் போயிடும்"னு கத்தினவங்களும் பங்கு போடணும்னு ஒரு வாதம் உண்டு, அதை உங்க குரூப்ல பேசிக்கோங்க. கேஷ்பேக், கார்டு ரிவார்டு பாயின்ட்ல நான் தலையிட மாட்டேன். பில்லுலயே கழிச்ச தள்ளுபடி எல்லாருக்கும், அப்புறம் வந்த ஸ்கிராட்ச் கார்டு கொடுத்தவருக்கு.

பணத்தை அனுப்பும்போது

இங்க வர வேண்டியவர் ஒருத்தர்தான், அதனால நாலு பேரும் நேரா வண்டிக்காரருக்கு அனுப்பினா முடிஞ்சது. ரெண்டு மூணு பேருக்கு வர வேண்டி இருந்தா, அதிகமா தர வேண்டியவர் அதிகமா வர வேண்டியவருக்கு முதல்ல அனுப்பட்டும். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் கணக்கு பூஜ்ஜியம் ஆயிடும். மிச்சம் இருக்கிறவங்களுக்குள்ள அதையே திரும்பச் செய்யுங்க. அஞ்சு பேர்னா எப்படிப் போட்டாலும் நாலு டிரான்ஸ்ஃபருக்கு மேல தேவைப்படாது. "நீ எனக்கு, நான் அவனுக்கு"ன்னு பத்து டிரான்ஸ்ஃபர் போயிட்டு இருந்தா எங்கயோ சுத்துறீங்க.

2025 அக்டோபர் 1-ல இருந்து தனி ஆளுக்குத் தனி ஆள் யுபிஐல பணம் கேட்டு ரிக்வெஸ்ட் அனுப்புற வசதி கிடையாது. மோசடி அதிகமானதால என்பிசிஐ நிறுத்திடுச்சு. அதனால வர வேண்டியவர் ஆப்ல தொகையோட ஒரு க்யூஆர் எடுத்து குரூப்ல போடலாம். இல்லைன்னா அவங்களா அனுப்பட்டும்.

இதைக் கேட்டு நிறைய பேர் எழுதுறீங்க: "டூர் முடிஞ்சு என் அக்கவுண்ட்ல 30,000 வந்திருக்கு, டாக்ஸ் கட்டணுமா?" நீங்க மத்தவங்களுக்காகக் கொடுத்த பணம் திரும்பி வந்தா அது வருமானம் இல்ல, கிஃப்ட்டும் இல்ல. உறவினர் அல்லாதவங்ககிட்ட இருந்து ஒரு வருஷத்துல 50,000-க்கு மேல வர்ற கிஃப்ட்டுக்குத்தான் அந்த விதி. ஆனா கேட்டா காட்டணும், அதனால அந்த ஷீட்டை அழிக்காதீங்க. அனுப்பும்போது நோட்ல "கொடைக்கானல் டூர் பங்கு"ன்னு எழுதச் சொல்லுங்க. அங்க ஜோக் அடிக்கிறவங்க இருக்காங்க. ஹோம் லோனுக்கு வந்த ஒருத்தர் ஸ்டேட்மென்ட்ல நண்பர் அனுப்பின 4,000-க்குப் பக்கத்துல "வட்டி பாக்கி"ன்னு இருந்தது. அது என்னன்னு பேங்க் அதிகாரிக்கு நான்தான் விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.